பாக்கெட்டில் இல்லாத அக்டோபர்

ஆம்பூரில் ஆரோக்கியசாமியைத் தெரியாதவர்கள் உண்டு. அவரிடம் மாட்டிக்கொண்டு மறந்தவர்கள் கிடையாது. முப்பத்திரண்டு வருடம் ஷூ கம்பெனியில் செக்கிங் செக்‌ஷன். தையல் ஒரு மில்லிமீட்டர் விலகியிருந்தால் சாக்பீஸால் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்புவார். தைத்த பெண்கள் கெஞ்சினாலும் சரி, சூப்பர்வைசர் குழைந்தாலும் சரி, வட்டம் வட்டம்தான். ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகியும் அந்தச் சாக்பீஸ் அவர் கையை விட்டுப் போகவில்லை. பால்காரர் ஊற்றும் பாலை விரலில் தொட்டுப் பார்ப்பார். கேஸ் சிலிண்டரைத் தூக்கிப் பார்த்துத்தான் கையெழுத்துப் போடுவார். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் ஐந்து நிமிடம் குறைந்தால்கூட, சாமியாருக்கு எங்கேயோ அவசர வேலை இருக்கிறது என்று முடிவு கட்டுவார்.

மனைவி இறந்து நான்கு வருடம். ஒரே மகள் கிறிஸ்டினா ஜெர்மனியில் நர்ஸ். போய் மூன்று வருடம் முடிந்துவிட்டது, ஒருமுறைகூட வரவில்லை. முதல் வருடம் பரீட்சை என்றாள். அடுத்த வருடம் ஆள் பற்றாக்குறை என்றாள். ஒவ்வொரு காரணத்தையும் ஆரோக்கியசாமி மனசுக்குள் வட்டம் போட்டு வைத்திருந்தார்.

மார்ச் நடுவில், லீவில் வந்த இன்னொரு நர்ஸ் மூலம் ஒரு சின்னப் பொட்டலம் வந்து சேர்ந்தது. சாக்லேட்டுக்கு அடியில் ஒரு விதைப் பாக்கெட். படத்தில் வெளிர்பச்சையாக ஒரு காய். நம்ம ஊர் நூக்கலேதான். நூக்கலை ஜெர்மனியிலிருந்து அனுப்புவானேன் என்று அவருக்கு அப்போதே உறுத்தியது. அன்று சாயங்காலம் போனில் கேட்டார்.

"இங்க பச்சையாவே கடிச்சுத் தின்றாங்கப்பா. நம்மூர்ல நீ போட்டா எப்படி வருதுன்னு பாக்கணும்" என்றாள் கிறிஸ்டினா. "காய்ச்சதும் போட்டோ அனுப்பு. உடனே டிக்கெட் போடறேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் அவருக்கு அது சிரிப்பாகப் படவில்லை. காய் வந்தால் மகள் வருவாள். இப்படி நேராக ஒரு கணக்கு அவருக்கு யாரும் கொடுத்து வெகு நாளாகியிருந்தது. மொட்டை மாடியில் வெண்டையும் கீரையும் போட்ட அனுபவம் இரண்டு வருடமாக உண்டு. நூக்கல் போட்டதில்லை. பரவாயில்லை, பாக்கெட்டின் பின்பக்கம் முழுக்க எழுதியிருக்கிறதே, அதன்படி செய்தால் ஆயிற்று.

ஆனால் எழுதியிருந்தது ஜெர்மன்.

போனில் போட்டோவைக் காட்டினால் தமிழில் சொல்லும் ஆப் ஒன்று இருந்தது. பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படமெடுத்து அதில் போட்டார். பளபளப்பான காகிதம், மேலே டியூப்லைட் வெளிச்சம் பட்டு ஒரு பக்கம் வெள்ளையாகத் தெரிந்தது. ஆப் கொஞ்சமும் தயங்காமல் சொல்லிவிட்டது: விதைப்பு ஆழம் 10 செ.மீ. கடுகு மாதிரி இருக்கிற விதையைப் பத்து சென்டிமீட்டர் புதைப்பதா? ஆரோக்கியசாமி போனையே முறைத்துப் பார்த்தார்.

எதிர்வீட்டு ரஃபத் ஜஹானுக்கு ஜெர்மன் தெரியும். அவர் வேலை பார்த்த அதே கம்பெனியில் எக்ஸ்போர்ட் டாக்குமெண்ட்ஸ் பார்க்கிற பெண். சரக்கு வாங்கும் ஜெர்மன் பையர்களுக்காகவே இரண்டு வருடம் மாலை வகுப்புக்குப் போய்ப் படித்தவள். கிறிஸ்டினாவுக்கு அக்கா மாதிரி; இன்றைக்கும் இருவரும் வாட்ஸ்அப்பில் பேசிக்கொள்வார்கள். அதே போட்டோவை அவளுக்கும் அனுப்பினார். ஆப் சொன்னதைச் சொல்லவில்லை. இரண்டு பேரிடம் தனித்தனியாகக் கேட்டு ஒத்துப் பார்ப்பது அவர் தொழில் முறை.

ரஃபத்திடமிருந்து பதில் வந்தது: "ஆழம் எழுதின இடத்துல வெளிச்சம் அடிக்குது சார். நம்பர் தெரியல. தெரியாம சொல்லக்கூடாது. பகல்ல, வெயில் நேரா படாத இடத்துல வெச்சு, பாக்கெட்ட மடிப்பில்லாம தட்டையா வெச்சு இன்னொரு போட்டோ எடுங்க."

ஆப் சொன்னதை இவள் தெரியாது என்கிறாள். யாரை நம்புவது? மறுநாள் காலை ஜன்னலோரம் வைத்து மறுபடியும் எடுத்து அனுப்பினார். பத்து நிமிடத்தில் ரஃபத் அவர் வீட்டு வாசலிலேயே வந்து நின்றாள். ஆபீசுக்குக் கிளம்பிய கோலம், கையில் போன்.

"ஒண்ணு, கமா, சைபர் சார். அவங்க புள்ளிக்கு பதிலா கமா போடுவாங்க. ஒரு சென்டிமீட்டர்தான்."

ஆரோக்கியசாமிக்குச் சுருக்கென்றது. தோல் கனம் 1,2 என்று பையர் தரும் அளவு ஷீட்டில் எத்தனை ஆயிரம் தரம் பார்த்திருக்கிறார்! பன்னிரண்டு மில்லிமீட்டர் கனத்தில் எந்த மாட்டுத் தோல் வரும்? வெளிச்சத்தில் கமா மறைந்துபோனதால் ஆப் பத்து என்று படித்திருக்கிறது. இந்த ஒரு விஷயத்தில் ரஃபத்துக்கு அவர் மனசுக்குள் பாஸ் போட்டார்.

"மீதிய எழுதி அனுப்பறேன் சார்" என்று சொல்லிவிட்டு அவள் ஸ்கூட்டியைக் கிளப்பினாள்.

மத்தியானம் செய்தி வந்தது. இரண்டு பகுதியாக எழுதியிருந்தாள். முதல் பகுதிக்கு 'பாக்கெட்டில் இருப்பது' என்று தலைப்பு. வெளி நிலத்தில் நேரடி விதைப்பு ஏப்ரல் முதல் ஜூலை வரை. ஆழம் ஒரு சென்டிமீட்டர். வரிசைக்குள் செடிக்குச் செடி இருபத்தைந்து சென்டிமீட்டர், வரிசைக்கு வரிசை முப்பது. விதைத்த எட்டிலிருந்து பத்து வாரத்தில் அறுவடை. சுமார் எண்பது செடிக்குப் போதும்.

அதற்குக் கீழே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே, 'இது பாக்கெட்டில் இல்லை, நான் சொல்வது' என்று போட்டு எழுதியிருந்தாள்: "அந்த ஏப்ரல் ஜெர்மனி ஏப்ரல். ஸ்வெட்டர் போடற குளிர். நூக்கல் குளிருக்கு வர்ற காய். நம்மூர்ல ஏப்ரல் போட்டா வெயில்ல போய்டும். ஆழமும் இடைவெளியும் எங்க போட்டாலும் அதேதான், மாசம் மட்டும் மாறும். இங்க அக்டோபர், நவம்பர்ல போடுங்க. அதுவரைக்கும் பாக்கெட்ட பிரிக்காம, ஈரம் படாத எடத்துல வைங்க."

ஆரோக்கியசாமி அதை மூன்று முறை படித்தார். கோட்டுக்கு மேலே இருந்ததில் அவருக்கு ஒரு குறையும் தெரியவில்லை. கோட்டுக்குக் கீழே இருந்ததுதான் உறுத்தியது. ஏப்ரலில் விதைத்தால் ஜூனில் காய். அக்டோபரில் விதைத்தால் டிசம்பரில்தான் காய். மகள் வருவது ஆறேழு மாதம் தள்ளிப் போகும். எழுதியிராத ஒன்றை எழுதிச் சேர்க்க இவளுக்கு என்ன அக்கறை?

பையர் ஷீட் என்றால் வேதம். அதில் ஆறு மில்லிமீட்டர் என்றிருந்தால் ஆறுதான். 'எங்க ஊர் நூலுக்கு ஏழுதான் சரிப்படும்' என்று சொன்ன ஒரு சூப்பர்வைசரின் ஆயிரத்து இருநூறு ஜோடியை அவர் ஒரே நாளில் திருப்பி அனுப்பியிருக்கிறார். அதே அளவுகோலைத்தான் இங்கேயும் எடுத்தார். விதை போட்ட கம்பெனிக்காரனுக்குத் தெரியாததா ரஃபத்துக்குத் தெரியும்?

சரிபார்க்க நேதாஜி ரோட்டில் விதைக்கடை வைத்திருக்கும் ஆபித் பாஷாவிடம் போனார். பாஷா படத்தைப் பார்த்த உடனேயே சொன்னார்: "இப்ப போடாதீங்க சார். ஐப்பசி பொறக்கட்டும்."

ஒரே நாளில் இரண்டு பேர் ஒரே பதில். வேறு யாராக இருந்தாலும் இத்துடன் அடங்கியிருப்பார்கள். ஆரோக்கியசாமிக்கோ அதுவே சந்தேகத்தைக் கூட்டியது. பாஷாவும் ரஃபத்தும் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். போன் போட்டுச் சொல்லியிருக்க எவ்வளவு நேரம் ஆகும்? மேலும் வெளிநாட்டு விதையை எந்தக் கடைக்காரன் பாராட்டுவான்?

அன்று சாயங்காலம் ஒன்று நடந்தது. எதிர்வீட்டு வாசலில் ரஃபத் போனில் ஏதோ தட்டிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். அவர் கேட்டைத் திறந்ததும் சட்டென்று போனைக் கவிழ்த்துத் துப்பட்டாவுக்குள் வைத்துக்கொண்டாள். திரையில் கிறிஸ்டினாவின் முகம் இருந்ததை அவர் பார்த்துவிட்டார். ஒரு இழை விட்ட தையலைப் பத்தடி தூரத்தில் கண்டுபிடித்த கண்.

எல்லாம் புரிந்துவிட்டது அவருக்கு. மகள் வரப்போவதில்லை. அதை அவரிடம் சொல்ல அவளுக்குத் தைரியமில்லை. அக்டோபர் என்று சொல்லி வை, அதுவரை கிழவன் நச்சரிக்கமாட்டான் என்று இவளிடம் சொல்லியிருக்கிறாள்.

"இன்னாம்மா," என்றார் வாசலிலிருந்தே. "உன்ன நான் படிச்சு சொல்லச் சொன்னேனா, சொந்த சரக்கு சேக்கச் சொன்னேனா?"

ரஃபத்தின் சிரிப்பு நின்றது. "அதான் சார் கோடு போட்டு தனியா எழுதினேன். மேல இருக்கறது அவங்க சொன்னது. கீழ இருக்கறது நான். ரெண்டையும் கலக்கல."

"கீழ எழுதச் சொல்லி யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல சார். வெறும் மாசத்த மட்டும் தமிழ்ல சொல்லிட்டு நான் சும்மா இருந்தா, அது தப்பு சொன்ன மாதிரிதானே?"

"யாரும் சொல்லல?"

அவள் ஒரு கணம் தயங்கினாள். அந்தத் தயக்கத்துக்கும் அவர் வட்டம் போட்டார்.

"சரிம்மா. உன் உபகாரம் போதும்" என்று சொல்லிவிட்டுக் கேட்டைச் சாத்தினார். ரஃபத் உள்ளே போனாள்.

ஏப்ரல் முதல் வாரம் மொட்டை மாடியில் வேலை ஆரம்பித்தது. தார்ப்பாய் விரித்து, செங்கல் அடுக்கி, இரண்டு மீட்டருக்கு ஒன்றரை மீட்டரில் பாத்தி. கம்பெனியில் தந்த ஸ்டீல் ஸ்கேலால் அளந்து, இருபத்தைந்துக்கு முப்பதில் நாற்பது குழி. ஒவ்வொரு குழியும் சரியாக ஒரு சென்டிமீட்டர். குச்சியில் கோடு போட்டு வைத்திருந்தார். விதையை வெள்ளைத் தாளில் கொட்டி எண்ணினார். எண்பது செடிக்கு என்று எழுதிவிட்டு நூற்று அறுபத்துமூன்று விதை வைத்திருந்தார்கள். குறைந்திருந்தால் சந்தேகப்பட்டிருப்பார், கூடியிருந்ததால் இன்னும் அதிகமாகச் சந்தேகப்பட்டார். பாதி முளைக்காது என்று அவர்களுக்கே தெரியும் போலிருக்கிறது! குழிக்கு மூன்றாகப் போட்டு, மீதியை வாடினால் ஊன்ற எடுத்து வைத்தார்.

ஐந்தாம் நாளே பச்சை எட்டிப் பார்த்தது. ஆரோக்கியசாமி எதிர்வீட்டு மாடியைப் பார்த்து ஒரு செருமல் செருமினார். குழிக்கு ஒன்றை விட்டு மற்றதைக் கிள்ளினார். தினமும் ஒரு போட்டோ கிறிஸ்டினாவுக்குப் போனது. "சூப்பர்ப்பா" என்று அவளும் பதில் போட்டாள்.

அந்தச் சந்தோஷம் மூன்று வாரம்கூடத் தாங்கவில்லை. தண்டு நூல் மாதிரி நீண்டு சாய்ந்தது. இலை காலையில் நிமிரும், பத்து மணிக்குத் தொங்கிவிடும். இரண்டு வேளை தண்ணீர் மூன்று வேளையானது. மனைவியின் பழைய புடவைகளைக் கட்டி நிழல் போட்டார். மாடித் தரையில் செருப்பில்லாமல் நிற்க முடியவில்லை. செடி மட்டும் எப்படி நிற்கும்? எடுத்து வைத்த விதையையும் ஊன்றினார். அதுவும் முளைத்துக் கருகியது. கத்திரி வெயில் பிறந்த வாரத்தில் நாற்பது குழியில் நான்கு மிச்சம். அந்த நான்கும் மே முடிவதற்குள் போயின. மகளுக்குப் போட்டோ அனுப்புவதை எப்போதோ நிறுத்தியிருந்தார்.

வெறும் பாத்தியைப் பார்த்துக்கொண்டு நின்ற அன்று அவருக்கு அழுகை வந்தது. செடிக்காக இல்லை. காயில்லை என்று சொன்னால், அவள் 'பரவாயில்லப்பா, அடுத்த வருஷம் பாக்கலாம்' என்று சொல்லிவிடுவாள். அதைத்தான் அவரால் கேட்க முடியாது.

மறுநாள் காலை வேலூர் பஸ் ஏறினார். ஆம்பூரில் வாங்கினால் யாராவது பார்த்துவிடுவார்கள். லாங் பஜார் நெரிசலில் கைவண்டிகளுக்கு நடுவே நுழைந்து, மலைக் காய் விற்கும் ஒருத்தியிடம் இலை வாடாத நூக்கலாக மூன்று பொறுக்கினார். ஒவ்வொன்றையும் தூக்கித் திருப்பிப் பார்த்ததில் அவளே கடுப்பாகிவிட்டாள். "பொண்ணு பாக்க வந்தியா, காய் வாங்க வந்தியா?" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் மாடிக்குப் போனார். பாத்தியில் பள்ளம் தோண்டி மூன்று நூக்கலையும் பாதி உடம்பு மண்ணுக்குள் போகும்படி புதைத்து, மேலே தண்ணீர் தெளித்தார். வெயில் சாய்ந்த பிறகு, வெளிச்சம் நேராகப் படாமல், ரஃபத் சொல்லிக் கொடுத்த மாதிரியே போட்டோ எடுத்தார். முப்பத்திரண்டு வருடம் கள்ளச் சரக்கைப் பிடித்தவர், அனுப்பும் பட்டனுக்கு மேல் விரலை வைத்தார். அழுத்திவிட்டார்.

இரண்டு நிமிடத்தில் போன் அடித்தது.

"அப்பா," என்றாள் கிறிஸ்டினா. குரலில் சிரிப்பை அடக்குவது தெரிந்தது. "நூக்கல் மண்ணுக்கு மேல தண்டுல காய்க்கும். பீட்ரூட் மாதிரி உள்ள இருக்காது."

அவர் திருதிருவென்று முழித்தார். திருட்டு முழி என்று எத்தனை பேரைச் சொல்லியிருக்கிறார்!

"எங்க வாங்கின?"

"...வேலூர்ல."

அந்தப் பக்கம் சிரிப்பு உடைந்து வந்தது. சிரிப்பு ஓய்ந்ததும் அவள் குரல் மாறியது. "அதுக்காக பஸ் ஏறி வேலூர் போனியா?"

"நீதானே காய் வந்தா டிக்கெட் போடறேன்னு சொன்ன."

"ஐயோ அப்பா. ஜனவரிலயே லீவு எழுதிக் குடுத்தாச்சு. இங்க வருஷ ஆரம்பத்துலயே எழுதிடணும். டிக்கெட்டு மார்ச்லயே போட்டுட்டேன். ஜூன் பதினாலு காலைல சென்னை. சொல்லாம வந்து நிக்கலாம்னு இருந்தேன். விதைய எதுக்கு அனுப்பினேன்னா, போன்ல நீ சாப்டியா, தூங்கினியான்னு கேட்டுட்டு வெச்சிடற. செடி இருந்தா ஏதாவது பேசுவியேன்னு பாத்தேன்."

ஆரோக்கியசாமி பாத்திச் செங்கல் மேல் உட்கார்ந்துவிட்டார். செங்கல் இன்னும் சுட்டது. அவர் எழுந்திருக்கவில்லை.

"இது ரஃபத்துக்குத் தெரியுமா?"

"அவங்களுக்கு மட்டும்தான் தெரியும். யார்கிட்டயும் சொல்லாதன்னு சத்தியம் வாங்கியிருந்தேன்."

"அக்டோபர்னு அவ சொன்னது?"

"அது எனக்கு இன்னா தெரியும்? அது அவங்க சொன்னது. ஆனா ஏப்ரல்ல ஒரு மெசேஜ் போட்டாங்க. உங்கப்பா விதைய பூரா இப்பவே போட்டுட்டாரு, ஒண்ணும் மிஞ்சாது, வரும்போது இன்னொரு பாக்கெட் எடுத்துட்டு வா, அக்டோபருக்கு ஆகும்னு. உன்கிட்ட சொல்ல வேணாம், கோச்சுப்பாருன்னாங்க. வாங்கி பெட்டியில வெச்சுட்டேன்."

அப்படியானால் அவர் சந்தேகப்பட்டது சரிதான். இரண்டு பேரும் அவர் முதுகுக்குப் பின்னால் பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். அவள் தயங்கியதும் நிஜம், போனை மறைத்ததும் நிஜம். ஒரு இழைகூடத் தவறவிடாமல் எல்லாவற்றையும் பார்த்தவர், எல்லாவற்றையும் தலைகீழாகப் படித்திருக்கிறார். கேட்டைச் சாத்திய சத்தம் இப்போதுதான் அவருக்கே கேட்டது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

போனை வைத்ததும் மூன்று நூக்கலையும் பிடுங்கி, மண்ணைக் கழுவி, ஒரு பையில் போட்டார். சட்டையை மாற்றிக்கொண்டு தெருவைக் கடந்தார். ஆபீசிலிருந்து அப்போதுதான் வந்து ஸ்கூட்டியை நிறுத்திக்கொண்டிருந்த ரஃபத், அவரைக் கண்டதும் விறைத்து நின்றாள். இரண்டு மாதமாக இருவரும் பேசவில்லை.

அவர் பையை நீட்டினார். அவள் வாங்கி, எட்டிப் பார்த்து, அவரையும் பார்த்தாள்.

"அக்டோபர்னு எழுதியிருந்தியேம்மா," என்றார் ஆரோக்கியசாமி, தரையைப் பார்த்தபடி. "எந்த வாரம்?"

"அது பாக்கெட்ல இல்லியே சார். என் சொந்த சரக்கு."

"தெரியும்மா," என்றார் அவர். "அதத்தான் கேக்கறேன்."